ப்ரூஃபை முதல்ல தயார் பண்ணுங்க: மூணு வாரத்துல ஒரு ரெயின் கவர் லாஞ்ச்

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் ஒரே கேள்வியைத்தான் அனுப்பியிருந்தீங்க. "பொருள் ரெடி. இப்போ எப்படி லாஞ்ச் பண்றது? டீசர் எத்தனை நாள், ரிவீல் எப்போ, ரிமைண்டர் எத்தனை தடவை?" பொதுவா பதில் சொன்னா யாருக்கும் உதவாது. அதனால இன்னைக்கு ஒரே ஒரு லாஞ்சை எடுத்துக்கிட்டு, முதல் நாள்ல இருந்து 21வது நாள் வரைக்கும் முழுசா பார்ப்போம்.

என்னோட பழைய ஆபீஸ்ல டெஸ்டிங் டீம்ல இருந்த ஒரு அக்கா, வேலையை விட்டுட்டு தாம்பரம் பக்கம் சின்னதா ஒரு தையல் யூனிட் நடத்துறாங்க. ரெண்டு டெய்லர், மூணு மெஷின். துணிப்பை, லஞ்ச் பேக் இதெல்லாம் தைச்சு இன்ஸ்டாகிராம்லயும் வாட்ஸ்அப்லயும் விக்கிறாங்க. 2025ல அவங்க புதுசா ஒரு பொருள் செஞ்சாங்க: பைக்ல ஆபீஸ் போறவங்களுக்கான பேக்பேக் ரெயின் கவர். லாஞ்ச் கணக்கை ஷீட்ல வச்சுக்க அவங்களுக்கு நான் உதவி பண்ணேன். அவங்க சம்மதத்தோடதான் இந்த நம்பரெல்லாம் சொல்றேன்.

முதல்ல பணக்கணக்கு. ஒரு கவர் தைச்சு முடிக்க 210 ரூபாய். 240 பீஸ்னா 50,400 ரூபாய். விலை 480, கூரியர் உட்பட. பேக்கிங்குக்கும் கூரியருக்கும் 70 ரூபாய் போனா கையில நிக்கிறது 410. 50,400ஐ 410ஆல வகுத்துப் பாருங்க, 123 பீஸ் வித்தாத்தான் போட்ட பணம் திரும்ப வரும். அதுக்கு மேல விக்கிறதுதான் லாபம்.

இதுல இன்னொரு சிக்கல் இருக்கு. ரெயின் கவர் சீசன் சரக்கு. சென்னையில டிசம்பர் தாண்டிட்டா யாரும் வாங்க மாட்டாங்க. விக்காம நின்ன பீஸெல்லாம் அடுத்த மழைக்காலம் வரைக்கும் மூட்டையில கிடக்கும், பணமும் அதோட சேர்ந்து கிடக்கும். அக்காவுக்கு அந்த 50,000 சேமிப்புப் பணம்.

தேதியைப் பின்னாடியிருந்து போடணும்

நிறைய பேர் லாஞ்ச் பிளானை டீசர்ல இருந்து ஆரம்பிப்பாங்க. "திங்கட்கிழமை ஒரு போஸ்ட் போட்டுடலாம், அப்புறம் பார்த்துக்கலாம்." நாங்க கடைசியில இருந்து ஆரம்பிச்சோம்.

வடகிழக்குப் பருவமழை வழக்கமா தொடங்குற தேதி அக்டோபர் 20. அந்த வருஷம் தீபாவளியும் அன்னைக்குத்தான். தீபாவளிக்கு முந்தின வாரம் கூரியர் ஆபீஸ்ல பார்சல் குவிஞ்சுடும். அதனால அக்டோபர் 6, 7 ரெண்டு நாள்ல மொத்தமா அனுப்பிட்டா, 11ஆம் தேதிக்குள்ள எல்லார் கைக்கும் போயிடும். அப்போ ஆர்டரை 5ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை மூடணும். சம்பளம் 30 இல்லன்னா 1ஆம் தேதி வரும். அதனால ஆர்டர் திறக்கிறது அக்டோபர் 1, புதன்கிழமை. அன்னைக்கு ஆயுத பூஜை, மறுநாள் விஜயதசமி. ஊருக்குப் போனவங்க கையிலயும் போன் இருக்கும். பார்சல் 6ஆம் தேதிதான் கிளம்புதுங்கிறதால கூரியர் லீவு நமக்குப் பிரச்சனையில்ல.

மூணு வாரம்னா, 5ஆம் தேதியில இருந்து பின்னாடி எண்ணினா முதல் நாள் செப்டம்பர் 15, திங்கட்கிழமை. இப்போ நாலு கட்டத்தையும் இதுக்குள்ள பிரிக்கலாம். நாள் 1 முதல் 5 வரைக்கும் டீசர். நாள் 6 ரிவீல், நாள் 7 கேள்விக்குப் பதில். நாள் 8 முதல் 16 வரைக்கும் ப்ரூஃப். நாள் 17ல ஆர்டர் திறக்குது, 17 முதல் 21 வரைக்கும் ரிமைண்டர்.

பிரிச்சுப் பார்த்ததும் ஒரு விஷயம் கண்ணுல படும். அதிக நாள் ப்ரூஃபுக்குத்தான் போயிருக்கு, மொத்தம் ஒன்பது நாள். அந்த ஒன்பது நாள்ல காட்டுறதுக்கு நம்ம கையில ஏதாவது இருக்கணும் இல்லையா? "கவர் நனையாது"ன்னு நம்மளே சொன்னா அது விளம்பரம். வேற ஒருத்தர் பைக்ல நனைஞ்சுக்கிட்டே போய்ட்டு வந்து சொன்னாத்தான் ப்ரூஃப். அதுக்கு அவங்க கையில பொருள் முன்னாடியே போயிருக்கணும், மழையும் பெய்யணும்.

அதனால உண்மையான வேலை செப்டம்பர் 15ல தொடங்கல. அதுக்கு 28 நாள் முன்னாடி, ஆகஸ்ட் 18ல தொடங்குச்சு. அக்கா 240 பீஸையும் ஒரேயடியா தைக்கல. முதல்ல 20 மட்டும். அதுல 12ஐ தினமும் பைக்ல போறவங்களுக்குக் குடுத்தாங்க. ஆகஸ்ட், செப்டம்பர்ல சென்னையில சாயங்கால இடிமழை உண்டு. மூணு வாரத்துல ரெண்டு மூணு தடவையாவது நனைய வாய்ப்பு இருக்கு. மழையே கிடைக்கலன்னா பாத்ரூம் ஷவருக்குக் கீழ 15 நிமிஷம் வைக்கச் சொன்னோம்.

12 பேர்ல 9 பேருக்கு உள்ள காய்ஞ்சே இருந்தது. ரெண்டு பேருக்கு தோள்பட்டை வார் வெளிய வர்ற இடத்துல ஈரம். ஒருத்தர் அந்த மூணு வாரமும் மெட்ரோவுலதான் போனாராம், கவரைப் பிரிக்கவே இல்ல.

அந்த ரெண்டு பேரோட ஈரம்தான் எல்லாத்தையும் காப்பாத்துச்சு. வார் வர்ற துளை மேல துணி மடிப்பு ஒரு இன்ச்தான் இருந்தது. அதை ரெண்டரை இன்ச் ஆக்கி, அதே ரெண்டு பேருக்குத் திரும்பக் குடுத்து, காய்ஞ்சிருக்குன்னு உறுதியானதுக்கு அப்புறம்தான் மிச்சம் 220ஐ வெட்டினாங்க. டீசர் போட்டுட்டு, ஆர்டரும் வாங்கிட்டு, அப்புறம் இது தெரிஞ்சிருந்தா 240 பீஸையும் பிரிச்சுத் தைக்க வேண்டியதுதான்.

டீசர்: பொருளை இல்ல, பிரச்சனையைக் காட்டணும்

டீசர்னதும் நமக்கு ஞாபகம் வர்றது சினிமா. ஃபர்ஸ்ட் லுக், டீசர், சிங்கிள், ட்ரெய்லர். கறுப்பு பேக்ரவுண்ட், பாதி முகம், "விரைவில்". பெரிய ஸ்டாருக்கு அது வேலை செய்யுது, ஏன்னா அந்தப் பாதி முகம் யாரோடதுன்னு பார்க்கிறவங்களுக்கு ஏற்கெனவே தெரியும். காத்திருக்க ஒரு காரணமும் இருக்கு. 1,900 ஃபாலோயர் இருக்கிற ஒரு தையல் யூனிட் "பெருசா ஒண்ணு வருது"ன்னு போட்டா, பார்க்கிறவங்க அடுத்த ரீலுக்குப் போயிடுவாங்க. அவங்க எதுக்குக் காத்திருக்கணும்?

சின்னப் பிராண்டோட டீசர் வேற ஒரு கேள்விக்குப் பதில் சொல்லணும்: "இது எனக்கா?" அதுக்குப் பொருளைக் காட்ட வேண்டாம், அவங்க தினமும் படுற பாட்டைக் காட்டினாப் போதும்.

நாள் 1ல ஸ்டோரியில ஒரு கேள்வி: "மழையில பைக் ஓட்டுறவங்களே, உங்க பேக்ல முதல்ல எந்தப் பக்கம் நனையும்?" பதில் எழுத ஒரு பெட்டி, அவ்வளவுதான். நிறைய பேர் எழுதின பதில், "முதுகுப் பக்கம்". இதுதான் விஷயம். சாதாரண ரெயின் கவர் பேக்கோட வெளிப்பக்கத்தை மட்டும்தான் மூடும், வார் வர்றதுக்காக முதுகுப் பக்கம் திறந்திருக்கும். ஹெல்மெட்ல இருந்து வழியுற தண்ணி கழுத்து வழியா இறங்கி, முதுகுக்கும் பேக்குக்கும் நடுவுல போகும். லேப்டாப் அறை அந்தப் பக்கம்தான் இருக்கு.

நாள் 3ல ஒரு போட்டோ. சாதாரண கவர் போட்ட பேக்குக்குள்ள நியூஸ்பேப்பர் தாள் வச்சு, ஷவருக்குக் கீழ 15 நிமிஷம் வச்சு எடுத்தது. எந்தக் கம்பெனி கவர்னு தெரியாத மாதிரிதான் படம் எடுத்தாங்க. வெளிப்பக்கம் வச்ச தாள் காய்ஞ்சிருக்கு, முதுகுப் பக்கத் தாள் ஊறிப்போயிருக்கு. நாள் 5ல: "இந்தப் பக்கத்தை மூட ஒரு வழி இருக்கு. நாளைக்கு காலையில காட்டுறேன்."

இந்த மூணு போஸ்ட்லயும் பார்க்கிறவங்க செய்ய வேண்டிய வேலை ஒண்ணே ஒண்ணு: "இந்த நம்பரை சேவ் பண்ணிட்டு, 'மழை'ன்னு ஒரு வாட்ஸ்அப் அனுப்புங்க." சேவ் பண்ணச் சொன்னது ஃபார்மாலிட்டிக்காக இல்ல. வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் லிஸ்ட்ல நீங்க அனுப்புற மெசேஜ், உங்க நம்பரை தன் போன்ல சேவ் பண்ணி வச்சிருக்கிறவங்களுக்கு மட்டும்தான் போகும். ஒரு லிஸ்ட்ல அதிகபட்சம் 256 பேர். நிறைய பேர் இதைக் கவனிக்காம, அனுப்பினது போயிடுச்சுன்னு நினைச்சுக்கிட்டு இருப்பாங்க.

அஞ்சு நாள் முடிவுல 140 பேர் "மழை"ன்னு அனுப்பியிருந்தாங்க. டீசர் சரியா போகுதான்னு லைக்கை வச்சு சொல்ல முடியாது. வர்ற பதில்ல உங்க பிரச்சனையை அவங்க தன் வார்த்தையில சொல்றாங்களான்னு பாருங்க. "ஆமா அக்கா, போன வருஷம் சார்ஜர் போச்சு"ன்னு ஒருத்தர் எழுதினா சரியான ஆள் வந்திருக்காங்கன்னு அர்த்தம். "என்ன அக்கா, புது ஹேண்ட்பேகா?"ன்னு கேட்டா டீசர் தப்பான பக்கம் இழுக்குது, மறுநாளே மாத்தணும்.

ரிவீல்: விலையை ஒளிக்காதீங்க

நாள் 6, சனிக்கிழமை காலை. ஆபீஸ் இல்ல, நிதானமா பார்ப்பாங்க, கேள்வி கேட்பாங்க, பதில் சொல்ல நமக்கும் ரெண்டு நாள் கிடைக்கும்.

ரிவீல் போஸ்ட் "இது என்ன?"ங்கிற கேள்விக்கு மொத்தப் பதிலையும் ஒரே இடத்துல குடுக்கணும். அக்காவோட போஸ்ட்ல இருந்தது இவ்வளவுதான். முதுகுப் பக்கமும் மூடுற கவர், வார் வெளிய வர ரெண்டு துளை, துளை மேல மடிப்பு. 25ல இருந்து 30 லிட்டர் பேக்குக்குப் பொருந்தும். 480 ரூபாய், கூரியர் உட்பட. அக்டோபர் 1 காலை 10 மணிக்கு ஆர்டர் திறக்கும். அப்புறம் இது என்ன செய்யாதுங்கிறதும் இருந்தது: "தண்ணியில மூழ்கினா தாங்காது. தேங்கின தண்ணியில பேக்கைக் கீழ வைக்காதீங்க."

"விலைக்கு டிஎம் பண்ணுங்க"ன்னு போடுறவங்க நிறைய பேர் இருக்காங்க. டிஎம் பண்ற ஒருத்தருக்குப் பின்னாடி, கேட்கக் கூச்சப்பட்டு விட்டுட்டுப் போற பல பேர் இருப்பாங்க. அதோட, விலை வெளிய வந்தாத்தான் உண்மையான எதிர்ப்பும் வெளிய வரும். அந்த எதிர்ப்பு நமக்குத் தேவை.

அது வந்துச்சு. முதல் ஒரு மணி நேரத்துலயே ஒரு கமெண்ட்: "ஆன்லைன்ல 200 ரூபாய்க்குக் கிடைக்குதே?" அக்கா எனக்கு போன் பண்ணாங்க.

"தம்பி, இதை டெலீட் பண்ணிடவா?"

"வேணாம் அக்கா. 200 ரூபாய் கவருக்கும் உங்க கவருக்கும் நடுவுல 280 ரூபாய் வித்தியாசம் இருக்கு. அது எங்க போச்சுன்னு அவருக்கு மட்டுமா தெரியல, பார்க்கிற யாருக்கும் தெரியாது. அடுத்த ஒன்பது நாளும் அதைத்தான் காட்டப் போறோம்."

அக்கா அந்த கமெண்ட்டுக்கு, "நல்ல கேள்வி தம்பி. ரெண்டையும் திங்கட்கிழமை பக்கத்துல பக்கத்துல வச்சு நனைச்சுக் காட்டுறேன்"ன்னு பதில் போட்டாங்க. அன்னைக்கு மட்டும் அந்த பதிலுக்குக் கீழ பத்து பன்னெண்டு பேர் காத்திருக்கேன்னு எழுதினாங்க. டீசர் வாரத்துல கிடைக்காத எதிர்பார்ப்பு இதுல கிடைச்சது.

ப்ரூஃப்: ஒரு நாளைக்கு ஒரு சந்தேகம்

சனி, ஞாயிறு ரெண்டு நாள்ல வந்த எல்லாக் கேள்வியையும் ஷீட்ல போட்டோம். படிச்சுப் பார்த்தா கேள்வி நூறு இருந்தாலும் சந்தேகம் நாலுதான். 200 ரூபாய் கவர் போதாதா? என் பேக்குக்குப் பொருந்துமா? எத்தனை நாள் உழைக்கும்? பணம் போட்டா பொருள் வருமா? ஒன்பது நாளையும் இந்த நாலுக்கும் பிரிச்சுக் குடுத்தோம்.

முதல் சந்தேகத்துக்கு, சொன்ன மாதிரியே திங்கட்கிழமை ஷவர் டெஸ்ட். வெட்டாம எடுத்த வீடியோ. ரெண்டு ஒரே மாதிரி பேக், உள்ள நாலு நாலு நியூஸ்பேப்பர் தாள், கிச்சன் தராசுல எடை போட்டா ரெண்டும் 70 கிராம். 15 நிமிஷத்துக்கு அப்புறம் திரும்ப எடை. சாதாரண கவர்ல இருந்த தாள் 118 கிராம், அக்கா கவர்ல இருந்தது 72. "நனையல"ன்னு சொல்றதை விட தராசுல தெரியுற அந்த ரெண்டு நம்பர் நல்லாப் பேசுச்சு. அந்த 2 கிராமையும் மறைக்கல. "ஜிப்பைத் திறக்கும்போது கையில இருந்த ஈரம்"னு அக்கா வீடியோவுலயே சொன்னாங்க.

அடுத்த நாள், காசு எங்க போச்சுன்னு விளக்கம். ரெயின் கவர் துணி நைலான் மேல பியூ கோட்டிங் போட்டது. அது எவ்வளவு தாங்கும்னு மில்லிமீட்டர்ல சொல்வாங்க. 2,000 மிமீன்னா, துணி மேல அவ்வளவு உயரத்துக்குத் தண்ணி நின்னாலும் ஒழுகாதுன்னு அர்த்தம். கேட்க நல்லா இருக்கு. ஆனா தைக்கும்போது ஊசி போட்ட ஒவ்வொரு துளையும் தண்ணிக்கு ஒரு வாசல். அதனால தையல் மேல உள்பக்கமா சூட்டுல ஒட்டுற சீம் டேப் போடணும். விலை குறைஞ்ச நிறைய கவர்கள்ல இது இருக்காது. உங்ககிட்ட இருக்கிற கவரை உள்பக்கம் திருப்பிப் பாருங்க. தையல் மேல பளபளன்னு ஒரு பட்டை ஓடினா டேப் இருக்கு, வெறும் நூல் தெரிஞ்சா இல்ல. அக்கா இதையே ஒரு போஸ்ட்டா போட்டாங்க. பார்க்கிறவங்க தன் வீட்லயே சோதிச்சுப் பார்க்கிற ப்ரூஃபுக்கு இணை எதுவும் இல்ல.

பேக்குக்குப் பொருந்துமாங்கிறதுக்கு, டெஸ்ட் பண்ணவங்களோட பேக் படங்கள். "உங்க பேக்கோட போட்டோவை அனுப்புங்க, பொருந்துமான்னு சொல்றேன்"ன்னு கேட்டாங்க. சிலருக்கு "உங்களுது 40 லிட்டர், இது பத்தாது, வாங்காதீங்க"ன்னே பதில் போச்சு. அந்த பதில் ஸ்க்ரீன்ஷாட்டை பெயர், நம்பரை மறைச்சு, அனுப்பினவங்க அனுமதியோட ஸ்டோரியில போட்டாங்க.

நாள் 12ல டெஸ்ட் ரிசல்ட் மொத்தமும் வெளிய வந்தது: 9 பேருக்குக் காய்ஞ்சிருந்தது, 2 பேருக்கு வார் பக்கம் ஈரம், 1 ஆள் பயன்படுத்தல. ஈரமான இடத்தோட படம், அதை எப்படி மாத்தினோம், திரும்ப டெஸ்ட் பண்ணதுல என்ன ஆச்சு. இதைப் போடலாமான்னு அக்காவுக்குத் தயக்கம் இருந்தது. ஆனா டெஸ்டிங்ல வேலை பார்த்தவங்களாச்சே, "பக் ரிப்போர்ட் இல்லாத ரிலீஸை நானே நம்ப மாட்டேன்"ன்னு அவங்களே சொல்லிட்டுப் போட்டுட்டாங்க. எத்தனை நாள் உழைக்கும்ங்கிற சந்தேகத்துக்கும் அதே நேர்மைதான். "ஒரு முழு மழைக்காலம் இன்னும் இதை யாரும் பயன்படுத்தல. இந்த சீசன்ல டேப் பிரிஞ்சா மாத்திக் குடுக்கிறேன்"ன்னு எழுதினாங்க. கடைசிச் சந்தேகத்துக்கு, அவங்ககிட்ட ஏற்கெனவே லஞ்ச் பேக் வாங்கினவங்க பேசினாங்க.

இங்க ஒரு சட்ட விஷயம் சொல்லணும். இலவசமா பொருள் வாங்கிட்டு சோஷியல் மீடியாவுல அதைப் பத்திப் பேசுறவங்க அதைத் தெளிவா சொல்லணும்னு, மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கு. காசு வாங்கினாத்தான்னு இல்ல, இலவசப் பொருளும் கணக்குல வரும். அதனால டெஸ்ட் பண்ணவங்க பேசின ஒவ்வொரு வீடியோவுலயும் "கவர் இலவசமா கிடைச்சது"ன்னு முதல் வரியிலயே இருந்தது. அதனால நம்பிக்கை குறையல. மறைச்சு வச்சு யாராவது கண்டுபிடிச்சிருந்தாத்தான் குறைஞ்சிருக்கும்.

ப்ரூஃப் வேலை செய்யுதான்னு எப்படித் தெரியும்? கேள்வி மாறணும். நாள் 8ல "எதுக்கு 480?"ன்னு கேட்டவங்க, நாள் 14ல "கறுப்பு கலர்ல இருக்கா?", "ரெண்டு வாங்கினா ஒரே பார்சலா?"ன்னு கேட்டாங்க. வாங்குறதா முடிவு பண்ணவங்க கேட்கிற கேள்வி இது. ஒரு வாரம் கழிச்சும் அதே விலைக் கேள்வி வந்துக்கிட்டே இருந்தா, உங்க ப்ரூஃப் வேற ஏதோ சந்தேகத்துக்குப் பதில் சொல்லிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். அப்போ புதுசா வீடியோ எடுக்கிறதை நிறுத்திட்டு, கேள்வி கேட்டவங்கள்ல அஞ்சு பேருக்கு போன் பண்ணுங்க.

நாள் 14ல எங்களுக்கு ஒரு கேட் இருந்தது. லிஸ்ட்ல 200 பேர் இல்லன்னா ஆர்டர் திறக்கிறதை ஒரு வாரம் தள்ளி, ப்ரூஃபை நீட்டிக்கணும்னு முன்னாடியே எழுதி வச்சிருந்தோம். அன்னைக்கு 214 இருந்தது. திறக்கும்போது 230.

ரிமைண்டர்: வாங்கினவங்களுக்கு அனுப்பாதீங்க

ஸ்டோரி 24 மணி நேரத்துல போயிடும். அதனால முந்தின நாளே கவுண்ட்டவுன் ஸ்டிக்கர் போட்டோம். அதைத் தொட்டு வச்சவங்களுக்கு நேரம் வந்ததும் இன்ஸ்டாகிராமே நோட்டிஃபிகேஷன் அனுப்பும். வாட்ஸ்அப் லிஸ்ட்டுக்கு காலை 10 மணிக்கு ஒரே மெசேஜ்: விலை, பணம் அனுப்பும் வழி, அளவு, பார்சல் கிளம்பும் தேதி.

அஞ்சு நாளும் வந்த ஆர்டர் இது. முதல் நாள் 71. அப்புறம் 18, 12, 14. நாலாவது நாள் ராத்திரி வரைக்கும் மொத்தம் 115. முதல் திரும்ப வர இன்னும் எட்டு பீஸ் விக்கணும். அக்கா அன்னைக்கு ராத்திரி கேட்டாங்க, "விலையை 50 ரூபாய் குறைச்சுடலாமா தம்பி?"

குறைக்கல. குறைச்சிருந்தா முதல் நாளே நம்பி வாங்கின 71 பேரைக் கடைசி நாள்ல ஏமாத்தின மாதிரி ஆகியிருக்கும். அதோட, நடுவுல ஆர்டர் குறையுறது வழக்கம்தான். ஆர்வமா இருந்தவங்க முதல் நாளே வாங்கிடுவாங்க, மத்தவங்க "அப்புறம் பார்க்கலாம்"னு விட்டிருப்பாங்க. அவங்களுக்கு வேண்டியது தள்ளுபடி இல்ல, எப்போ வரைக்கும்னு ஒரு உண்மையான தேதி.

கடைசி நாள் ரெண்டு வேலை செஞ்சோம். ஒண்ணு, ஷீட்ல "வாங்கியாச்சு"ன்னு இருந்தவங்களை நீக்கிட்டு மிச்சப் பேருக்கு மட்டும் காலையில ஒரு மெசேஜ்: "இன்னைக்கு ராத்திரி 10 வரைக்கும் வர்ற ஆர்டர் 6, 7 தேதியில கிளம்பும். அதுக்கு அப்புறம் வர்றது தீபாவளி முடிஞ்சுதான் போகும்." வாங்கினவங்களுக்கே "இன்னும் வாங்கலையா?"ன்னு மெசேஜ் போனா, நம்மளை ம்யூட் பண்ணிடுவாங்க, அடுத்த லாஞ்சுக்கு அந்த ஆள் இல்ல.

ரெண்டாவது, ரிவீல் சமயத்துல குறிப்பா ஏதோ கேட்டுட்டு இன்னும் வாங்காதவங்க 34 பேர். அவங்களுக்கு அக்கா தனித்தனியா எழுதினாங்க. "நீங்க சைடு பாட்டில் பாக்கெட்டோட பொருந்துமான்னு கேட்டீங்களே, பாட்டிலை வச்சு மாட்டின படம் இது." ஒவ்வொருத்தருக்கும் அவங்க கேட்டதுக்கு மட்டும் பதில். ரெண்டு மணி நேரம் ஆச்சு.

அன்னைக்கு 46 ஆர்டர். மொத்தம் 161. முதலைத் தாண்டி 38 பீஸ். 161ல 104 பேர் அந்த 230 பேர் லிஸ்ட்ல இருந்து வந்தவங்க, கிட்டத்தட்ட பாதி. இந்த விகிதத்தை உங்க ஃபாலோயர் எண்ணிக்கைக்குப் போட்டுப் பார்த்துடாதீங்க. இவங்க தானா மெசேஜ் அனுப்பி, நம்பரை சேவ் பண்ணி, ரெண்டு வாரம் கூடவே வந்தவங்க.

"கடைசி 3 பீஸ் மட்டுமே"ன்னு ஒரு போஸ்ட் போட்டிருந்தா இன்னும் கொஞ்சம் ஆர்டர் வந்திருக்குமோ என்னவோ. ஆனா மூட்டையில 67 பீஸ் இருந்தது. தீபாவளிக்கு அப்புறம் மழையோட மழையா அதை விக்கணும். அக்டோபர்ல முடிஞ்சுபோச்சுன்னு சொன்ன பொருள் நவம்பர்ல திரும்ப வந்தா, அடுத்த தடவை எந்தத் தேதி சொன்னாலும் யாரும் நம்ப மாட்டாங்க.

இந்தக் கணக்குக்கு ஒரு எல்லை இருக்கு. ஒன்பது நாள்ல நிரூபிக்க முடியுற பொருளுக்குத்தான் மூணு வாரம் போதும். ஷவர் டெஸ்டுக்கு 15 நிமிஷம் போதும். ஊறுகாய் ஆறு மாசம் கெடாதுன்னு சொல்லணும்னா, முதல் பாட்டிலை ஆறு மாசம் முன்னாடியே மூடி வச்சிருக்கணும். அதனால உங்க லாஞ்சுக்கு உட்காரும்போது காலண்டர்ல முதல்ல எழுத வேண்டியது டீசர் தேதி இல்ல. வாங்குறவங்களோட பெரிய சந்தேகம் என்ன, அதுக்குப் பதில் காட்ட எத்தனை நாள் ஆகும், இதை எழுதுங்க. அந்த நாளைக் கழிச்சுட்டு வர்ற தேதியில உங்க வேலை தொடங்குது.

அடுத்த எபிசோட்ல, அந்த 67 பீஸை மழை நாள்ல எப்படி வித்தாங்கன்னு அக்காவே வந்து பேசுறாங்க. சந்திப்போம்.